தாள் 43, முன்பக்கம் 43, பின்பக்கம் 42: தனித்தனியே ஸ்கான் செய்த இரு பக்கங்களைக் கோப்பதற்கு எந்த வழியைத் தெரிவது?

கொழும்பு புதுக்கடையில், நீதிமன்றத் தொகுதியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் கோப்புகளைக் கணினிக்கு மாற்றும் வேலை என்னுடையது. எங்களிடம் உள்ள ஸ்கானரின் மேற்புறத்தில் ஃபீடர் இருக்கிறது. அடுக்காகத் தாள்களை வைத்தால் ஒவ்வொன்றாக இழுத்துப் படித்துவிடும். ஆனால் தாளின் ஒரு பக்கத்தை மட்டுந்தான் படிக்கும். எங்கள் கைக்கு வரும் வழக்கேடுகளும் காணி உறுதிகளும் பெரும்பாலும் இரு பக்கமும் எழுதப்பட்டவை. ஆகவே ஒரே அடுக்கை இரண்டு தடவை ஓடவிட வேண்டியிருக்கிறது: முதல் ஓட்டத்தில் முன்பக்கங்கள் ஒரு பிடிஎஃப், இரண்டாவது ஓட்டத்தில் பின்பக்கங்கள் இன்னொரு பிடிஎஃப். இவ்விரண்டையும் 1, 2, 3, 4 என்ற வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்து ஒரே கோப்பாக்குவதற்குப் பல வழிகள் உண்டு. நான் அவற்றில் நான்கைந்தைப் பல மாதங்கள் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். எதைத் தெரிவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை, அவர்கள் எதிர்பார்ப்பதைப் போல மென்பொருளின் பெயரில் தொடங்குவதில்லை. தாள் ஃபீடருக்குள் எப்படிப் போகிறது, எப்படி வெளியே வருகிறது என்பதில் தொடங்குகிறது.

பெரும்பாலான அலுவலக ஸ்கானர்களில் எழுத்து மேலே தெரியும்படி அடுக்கை வைப்போம். மேலே இருக்கும் முதலாம் தாள் முதலில் இழுக்கப்பட்டு, உள்ளே வளைந்து திரும்பி, கீழ்த்தட்டில் முகங்குப்புற விழும். இரண்டாம் தாள் அதன்மேல் முகங்குப்புற விழும். 43 தாள்களும் முடிந்தபின் கீழ்த்தட்டில் கிடக்கும் அடுக்கின் உச்சியில் இருப்பது 43ஆம் தாள். மேலே தெரிவது அதன் பின்பக்கம். அந்த அடுக்கை அப்படியே எடுத்து, ஒரு தாளையும் மாற்றாமல், மீண்டும் ஃபீடரில் வைத்தால், முதலில் படிக்கப்படுவது 86ஆம் பக்கம், அடுத்தது 84, கடைசியாக 2. அதாவது முன்பக்கக் கோப்பு 1, 3, 5 என்று முன்னோக்கிப் போகிறது. பின்பக்கக் கோப்பு 86, 84, 82 என்று பின்னோக்கி வருகிறது. கோக்கும் வழி எதுவாயினும், பின்பக்கக் கோப்பைத் தலைகீழ் வரிசையில் எடுக்கும் வசதி அதற்கு இருந்தே ஆக வேண்டும்.

இங்கே இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. தாள் உள்ளே வளைந்து திரும்பும்போது, முன்பு இடப்புறம் இருந்த தலைப்பகுதி இப்போது வலப்புறம் போய்விடுகிறது. அடுக்கை நேரே தூக்கி மேலே வைத்தால், புத்தகம்போல் பக்கவாட்டில் புரட்டும் ஆவணமென்றால், பின்பக்கங்கள் யாவும் தலைகீழாகத் தெரியும். அடுக்கை மேசைமேல் தட்டையாக வைத்தபடியே அரைவட்டம் சுழற்றிவிட்டு ஃபீடரில் வைத்தால் எழுத்து நேராகிவிடும். அப்படிச் சுழற்றுவது எழுத்தின் திசையைத்தான் மாற்றும். பக்கங்களின் வரிசையை அது தொடுவதேயில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, எழுத்து நேராக வந்துவிட்டதால் வரிசையும் நேராகிவிட்டது என்று நம்பிக் கோத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் முதல் ஆள் நான்தான்.

வரிசையைத் தாளிலேயே திருத்திவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். இரண்டாவது ஓட்டத்துக்கு முன் 43 தாள்களையும் சீட்டு விளம்புவதுபோல் ஒவ்வொன்றாக எடுத்து மறுவரிசைப்படுத்தி வைத்தால், பின்பக்கங்கள் 2, 4, 6 என்றே வரும். பத்துத் தாள் என்றால் அதில் குற்றமில்லை. ஆனால் கட்சிக்காரரின் மூல உறுதியை மேலே மின்விசிறி சுழலும் அறையில் தாள் தாளாகப் பிரித்து அடுக்குவது எனக்கு ஒப்பவில்லை. கணினியில் தலைகீழாக்கினால் பிழை நேர்ந்தாலும் மீண்டும் செய்யலாம். மூலப் பிரதியின் வரிசை குலைந்தால் அதைத் திரும்பச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

இனி வழிகள். மிக எளிதாகத் தோன்றுவது, இரண்டு பிடிஎஃப்களையும் ஒரே கோப்பாக இணைத்துவிட்டு, பக்கங்களின் சிறு உருவங்களைத் திரையில் இழுத்து இழுத்து உரிய இடத்தில் விடுவது. நான்கு தாள் கொண்ட ஒரு சத்தியக்கடதாசிக்கு அதுவே போதும். வேறொன்றைக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. 43 தாளுக்கு 43 தடவை இழுக்க வேண்டும், நடுவே தொலைபேசி அடித்தால் எந்தப் பக்கத்தில் நின்றோம் என்பது மறந்துபோகும். இதற்குமேல் இந்த வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கோப்புகளை ஏற்றினால் கோத்துத் தரும் இணையத்தளங்கள் அடுத்த வழி. வேலையை அவை சரியாகவே செய்கின்றன. சிலவற்றில் தலைகீழ் வரிசை வசதியும் இருக்கிறது. ஆனால் ஒரு காணி உறுதியில் உரிமையாளரின் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், எல்லை விவரம் எல்லாம் இருக்கும்; வழக்கேட்டில் அதைவிடக் கூடுதலாக இருக்கும். எங்கே இருக்கிறதென்று தெரியாத ஒரு சேவையகத்தில் அதை ஏற்றுவதற்குக் கட்சிக்காரர் எங்களுக்கு அனுமதி தந்ததில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பும் அது முறையல்ல என்பது எங்கள் அலுவலகத்தின் நிலைப்பாடு. சமையல் குறிப்புப் புத்தகத்தை ஸ்கான் செய்பவருக்கு இந்தத் தடை பொருந்தாது.

ஆகக் கருத்தில் கொள்ள வேண்டியவை நம் கணினியிலேயே ஓடும் மூன்று: PDFsam Basic, NAPS2, qpdf. மூன்றும் இலவசம், மூன்றும் விண்டோஸிலும் மக்கிலும் லினக்ஸிலும் ஓடும்.

PDFsam Basic இல் Alternate Mix என்ற பகுதி இந்த வேலைக்கென்றே இருக்கிறது. இரண்டு கோப்புகளையும் பட்டியலில் சேர்த்து, பின்பக்கக் கோப்பின் வரியில் Reverse என்பதைத் தெரிவுசெய்து ஓடவிட்டால் முடிந்தது. மாதத்தில் ஒரு தடவை இந்த வேலை வருபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். காரணம், அதன் பட்டியலில் ஒவ்வொரு கோப்புக்கும் நேரே எத்தனை பக்கம் என்ற எண் கண்முன்னே நிற்கிறது. இந்தச் சிறிய வசதியின் அருமை பின்னால் விளங்கும்.

NAPS2 வேறு விதமானது. அது கோப்புகளைக் கோக்கும் கருவி மட்டுமல்ல, ஸ்கான் செய்யும் மென்பொருளும் அதுவே. முன்பக்கங்களை ஓடவிட்டு, அதே சாளரத்தில் பின்பக்கங்களையும் ஓடவிட்டால், 1, 3, 5 என்று தொடங்கி 85 வரை போய், பின் 86, 84 என்று திரும்பி 2இல் முடியும் ஒரே நீண்ட பட்டியல் கிடைக்கும். Reorder பட்டியலில் Interleave, Alternate Interleave என்று இரண்டு கட்டளைகள் உண்டு. பின்பக்கங்கள் முன்னோக்கிய வரிசையில் இருந்தால் முதலாவது. நம்மைப்போல் பின்னோக்கி வந்திருந்தால் இரண்டாவது. ஒரே சொடுக்கில் வேலை முடிகிறது, நடுவில் கோப்பாகச் சேமிக்கவும் தேவையில்லை, ஒரு பக்கம் கோணலாக வந்திருந்தால் அங்கேயே திருத்தலாம். ஸ்கானருக்கு முன்னால் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிட வசதியானதை நான் கண்டதில்லை. ஒரு குறை மட்டும் இருக்கிறது: முன்பக்கங்கள் எங்கே முடிந்து பின்பக்கங்கள் எங்கே தொடங்குகின்றன என்பது அதற்குத் தெரியாது. பட்டியலைப் பாதியாகப் பிரித்துக் கோக்கிறது. இரண்டு பாதிகளும் சமமாக இருந்தால் பிழையில்லை. சமமாக இல்லாதபோது பிழை எந்தப் பாதியில் என்பதைத் திரையைப் பார்த்து ஊகிப்பது கடினம்.

qpdf கட்டளைவரியில் ஓடுவது. சாளரமும் இல்லை, பொத்தானும் இல்லை. முன்பக்கக் கோப்புக்கு mun.pdf என்றும் பின்பக்கக் கோப்புக்கு pin.pdf என்றும் பெயர் வைத்தால், கோக்கும் கட்டளை இதுதான்:

```
qpdf --empty --collate --pages mun.pdf 1-z pin.pdf z-1 -- vazhakku.pdf
```

இதில் z என்பது கடைசிப் பக்கத்தைக் குறிக்கும். z-1 என்றால் கடைசியிலிருந்து முதலாவது வரை, அதாவது தலைகீழ் வரிசை. --collate என்ற சொல்தான் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுக்கச் சொல்வது. அதை விட்டுவிட்டால் முன்பக்கங்கள் எல்லாம் முதலிலும் பின்பக்கங்கள் எல்லாம் பிறகும் வந்துவிடும். பழைய pdftk வைத்திருப்பவர்கள் அதே வேலையை இப்படிச் செய்யலாம்:

```
pdftk A=mun.pdf B=pin.pdf shuffle A Bend-1 output vazhakku.pdf
```

அடுக்கைச் சுழற்ற மறந்து பின்பக்கங்கள் தலைகீழாக வந்துவிட்டால், கோப்பதற்கு முன் இந்த ஒரு வரியை ஓடவிட்டு, பிறகு pin.pdf இருந்த இடத்தில் pin180.pdf என்று எழுதினால் போதும். மீண்டும் ஸ்கான் செய்யத் தேவையில்லை.

```
qpdf pin.pdf pin180.pdf --rotate=+180:1-z
```

இந்தக் கருவிகள் எல்லாமே பக்கங்களை இருந்தபடியே எடுத்து வைக்கின்றன. படத்தை மறுபடி சுருக்குவதில்லை. எனவே தெளிவு குறையாது. எந்தக் கருவி நல்ல தரத்தில் கோக்கும் என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை. கோப்பதிலும் அவற்றுக்குள் வேறுபாடு இல்லை. கொடுத்த இரண்டு கோப்பும் சரியாக இருந்தால் மூன்றும் ஒரே விடையைத்தான் தரும். வேறுபாடு வெளிப்படுவது கொடுத்த கோப்பு பிழையாக இருக்கும்போதுதான். அங்கேதான் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஒரு கோப்பில் 43 பக்கமும் மற்றதில் 42 பக்கமும் இருந்தால் qpdf என்ன செய்யும்? ஒன்றும் சொல்லாது. 42 வரை மாறி மாறி எடுத்துவிட்டு, மிஞ்சியதைக் கடைசியில் வைத்துவிட்டு, அமைதியாக முடித்துவிடும். pdftk உம் அப்படியே. PDFsam உம் மிஞ்சியதை இறுதியில் சேர்த்துவிடும். எச்சரிக்கை கிடையாது, சிவப்பு எழுத்துக் கிடையாது. கோப்பு திறக்கும், முதற்பக்கம் சரியாக இருக்கும், மின்னஞ்சலில் போய்விடும். மறுநாள் மூத்த சட்டத்தரணி 57ஆம் பக்கத்துச் சாட்சியத்தின் தொடர்ச்சியைத் தேடும்போதுதான் விடயம் வெளிவரும்.

அப்படி ஒன்று குறைவது அபூர்வமல்ல. கொழும்பின் ஈரப்பதத்தில் பழைய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கோப்பு நாடாவின் உலோக முனை துருப்பிடித்திருந்தால், அந்த மூலையில் இரண்டு தாள்கள் ஒன்றாகவே வரும். ஃபீடர் இரண்டையும் சேர்த்து இழுத்து மேலே இருப்பதை மட்டும் படிக்கும்; அடியில் இருப்பது படிக்கப்படாமலே கீழ்த்தட்டில் விழும்.

இரண்டாவது காரணம் இன்னும் கள்ளத்தனமானது. வெற்றுப் பக்கங்களைத் தானாகவே நீக்கிவிடும் வசதி பல ஸ்கானர்களிலும் மென்பொருள்களிலும் உண்டு. NAPS2 இலும் ஸ்கான் விவரக்குறிப்பின் Advanced பகுதியில் Exclude blank pages என்று இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஸ்கான் செய்யும் கோப்புகளுக்கு அது நல்ல வசதி. இரண்டு ஓட்டமாகச் செய்யும் வேலையில் அதுதான் முதல் எதிரி. வழக்கேட்டில் நடுவே ஒரு பின்பக்கம் வெறுமையாக இருந்தால், அது நீக்கப்பட்டு, அதற்குப் பின்னால் உள்ள எல்லாப் பின்பக்கங்களும் ஒரு தாள் முன்னே நகர்ந்து, முந்தைய தாளின் முன்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். விதிவிலக்கு ஒன்றுதான்: கடைசித் தாளின் பின்பக்கம் மட்டும் வெறுமையாக இருந்து நீக்கப்பட்டால், தலைகீழாக்கிக் கோக்கும்போது கடைசி முன்பக்கம் தனியே நிற்கும், மற்றவை எல்லாம் சரியாகவே அமையும். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி வசதியைத் திறந்து வைக்காதீர்கள். முதல் ஓட்டத்துக்கு முன்பே அணைத்துவிட்டு, வெற்றுப் பக்கங்களைக் கோத்து முடித்த பின் நீக்கலாம்.

சரிபார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் 43 தாள் வழக்கேடு ஒன்றைக் கோத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் 1 முதல் 86 வரை சிவப்பு மையில் இலக்கம் இடப்பட்டிருந்தது.

“அண்ணை, நடுவில திறந்து பாத்தனான். 43ம் 44ம் பக்கத்துப் பக்கத்தில சரியாத்தான் கிடக்கு.”

முதற்பக்கத்தைத் திறந்து அடுத்ததுக்குப் போனேன். 1க்கு அடுத்து 86 இருந்தது. அடுத்து 3, பிறகு 84. தலைகீழாக்க மறந்துவிட்டார். அப்படியிருந்தும் அவர் பார்த்த நடுப்பக்கம் சரியாகத்தான் இருந்தது. இதில் மாயம் எதுவும் இல்லை: ஒரு வரிசை முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் போகும்போது, தாள்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், இரண்டும் நட்டநடுத் தாளில் சந்திக்கும். 43 தாளில் அது 22ஆம் தாள். அதன் இரு பக்கங்களும் 43, 44. ஆயிரம் பக்கத்தில் பிழையிருந்தாலும் அந்த ஒரு தாள் மட்டும் சரியாக நிற்கும். அவர் தேர்ந்தெடுத்துத் திறந்தது அதைத்தான்.

மறுபுறம், ஒரு தாள் தவறியதால் வரும் பிழையை முதற்பக்கம் காட்டிக்கொடுக்காது. தொடக்கம் எப்போதும் சரியாகவே இருக்கும், தவறிய இடத்துக்குப் பிறகுதான் குழப்பம் தொடங்கும். கடைசியைப் பார்த்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. முன்பக்க ஓட்டத்தில் 10ஆம் தாளும் பின்பக்க ஓட்டத்தில் 29ஆம் தாளும் தவறிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கோப்பிலும் 42 பக்கம்; சமம். தொடக்கத்தில் ஒன்பது தாள்கள் சரியாக இருக்கும். பத்தாவது இடத்தில் 11ஆம் தாளின் முன்பக்கமும் 10ஆம் தாளின் பின்பக்கமும் சேரும், 28ஆவது இடம் வரை இப்படியே ஒன்று பிசகிப் போகும். அதன்பின் பின்பக்கங்களிலும் ஒன்று குறைவதால் இரண்டும் மீண்டும் இணைந்துவிடும்; கடைசித் தாள் மிகச் சரியாக வந்து முடியும். தொடக்கமும் முடிவும் சரி, இரண்டு கோப்பின் எண்ணிக்கையும் ஒன்று, நடுவே பத்தொன்பது தாள்கள் பிழை.

ஆகவே இரண்டு கோப்பின் எண்ணிக்கையை ஒன்றோடொன்று ஒப்பிடுவது போதாது. மூன்றாவது எண் ஒன்று வேண்டும்: ஸ்கான் செய்யத் தொடங்கும் முன் கையால் எண்ணிய தாள்களின் எண்ணிக்கை. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் கையில் 43 தாள் இருந்தது என்று தெரிந்திருந்தால், 42, 42 என்ற சமநிலை யாரையும் ஏமாற்றியிருக்காது. இந்த மூன்று எண்களையும் ஒப்பிட எந்த வழி எளிது என்பதே என்னுடைய அளவுகோல். அந்த அளவுகோலில் NAPS2 பின்தங்குகிறது, ஏனெனில் இரண்டு ஓட்டமும் ஒரே பட்டியலில் கலந்துவிடுகின்றன. முதல் ஓட்டம் முடிந்ததும் எத்தனை படம் வந்தது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளும் ஒழுங்கு உள்ளவருக்கு அது தடையல்ல. PDFsam எண்களைக் காட்டுகிறது, ஆனால் பார்ப்பது நம் பொறுப்பு. qpdf ஐ மட்டும், எண் பொருந்தாவிட்டால் கோக்கவே மறுக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். லினக்ஸிலும் மக்கிலும் நான் வைத்திருக்கும் சிறு நிரல் இது:

```
n=$1
a=$(qpdf --show-npages mun.pdf)
b=$(qpdf --show-npages pin.pdf)
if [ "$a" = "$n" ] && [ "$b" = "$n" ]; then
  qpdf --empty --collate --pages mun.pdf 1-z pin.pdf z-1 -- vazhakku.pdf
else
  echo "$n $a $b"
fi
```

kor.sh என்று சேமித்து, sh kor.sh 43 என்று தட்டினால், மூன்றும் 43 ஆக இருந்தால் மட்டுமே கோப்பு உருவாகும். இல்லையென்றால் மூன்று எண்களையும் காட்டிவிட்டு நின்றுவிடும். விண்டோஸில் வேலை செய்பவர்கள் --show-npages கட்டளையை ஒவ்வொரு கோப்புக்கும் கையால் ஓடவிட்டுப் பார்க்கலாம். அதற்கு அரை நிமிடமும் ஆகாது.

அந்த நிரல் முதன்முதலாக மறுத்த நாளில் அது காட்டியது “43 43 42”. பின்பக்கங்களில் ஒன்று குறைகிறது; எது என்று தெரியவில்லை. முழு அடுக்கையும் மறுபடி ஓடவிட்டிருக்கலாம். ஆனால் ஒட்டிய தாள்கள் இன்னொரு தடவையும் ஒட்டலாம். மூலப்பிரதியை மூன்றாம் தடவை இழுபட விடவும் விருப்பமில்லை. எனவே எண்ணிக்கைச் சோதனை இல்லாமல் வெறும் கட்டளையால் தற்காலிகமாகக் கோத்து, பிழை தொடங்கும் இடத்தைப் பாதி பாதியாகக் குறுக்கித் தேடினேன். 22ஆம் தாளின் பின்பக்கத்தில் 44 இருக்க வேண்டும், இருந்தது. எனவே பிழை அதற்குப் பிறகு. 33ஆவது இடத்தில் 66 இருக்க வேண்டும், 68 இருந்தது. எனவே அதற்கு முன். 27இல் 54, சரி. 30இல் 60க்குப் பதில் 62. 28இல் 56, சரி. 29இல் 58 இருக்க வேண்டிய இடத்தில் 60. ஆறு தடவை திறந்து பார்த்ததில் ஆள் அகப்பட்டார்: தவறியது 58ஆம் பக்கம், அதாவது 29ஆம் தாளின் பின்பக்கம். அடுக்கில் அந்தத் தாளைத் தேடியெடுத்தால், 30ஆம் தாளின் மூலையில் துருக்கறையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அந்த ஒரு பக்கத்தை மட்டும் கண்ணாடியில் வைத்து ஸ்கான் செய்து vidu.pdf என்று சேமித்தேன். அடுத்து அதை pin.pdf இல் எந்த இடத்தில் செருகுவது என்று கணக்கிட வேண்டும். அந்தக் கோப்பு பின்னோக்கிய வரிசையில் இருக்கிறது: 43ஆம் தாள் முதலாவது, 42ஆம் தாள் இரண்டாவது. ஒரு தாளின் இடத்தைக் காண 44இலிருந்து அதன் எண்ணைக் கழித்தால் போதும். 30ஆம் தாள் 14ஆவது இடத்தில் இருக்கிறது. 29ஆம் தாள் 15ஆவதாக வர வேண்டும். இப்போது அந்த இடத்தில் 28ஆம் தாள் நிற்கிறது. எனவே முதல் 14 பக்கம், பிறகு விடுபட்டது, பிறகு மிகுதி:

```
qpdf --empty --pages pin.pdf 1-14 vidu.pdf 1 pin.pdf 15-z -- pin2.pdf
```

14, 1, 28 சேர்ந்து 43. பெயரை மாற்றி நிரலை மறுபடி ஓடவிட்டேன். இம்முறை ஒன்றும் சொல்லாமல் vazhakku.pdf ஐ உருவாக்கித் தந்தது. 2, 58, 86 ஆகிய மூன்று பக்கங்களையும் திறந்து பார்த்துவிட்டு அனுப்பிவைத்தேன்.

இதே பிழையை NAPS2 இல் திருத்துவது ஒருவகையில் இதைவிட எளிது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விடுபட்ட பக்கத்தை அங்கேயே ஸ்கான் செய்து, சிறு உருவத்தை உரிய இடத்துக்கு இழுத்துவிட்டால் முடிந்தது. கழித்தல் கணக்கு வேண்டாம். ஆகவே கட்டளைவரியோடு பழக்கமில்லாத ஒருவரை நான் qpdf பக்கம் தள்ளமாட்டேன். அவர் NAPS2 இல் முன்பக்கங்களை ஓடவிட்டு எண்ணைப் பார்த்து, பின்பக்கங்களை ஓடவிட்டு மொத்தம் இரட்டிப்பாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு Alternate Interleave ஐ அழுத்தட்டும். பக்க இலக்கம் இடப்படாத, ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் படிவங்கள் நூறு தாள் என்றால் மட்டும் நிரலையே பயன்படுத்தச் சொல்வேன். அங்கே கண்ணால் பிழையைப் பிடிக்க வழியில்லை.

இரு பக்கமும் ஒரே ஓட்டத்தில் படிக்கும் ஸ்கானர் ஒன்றை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று எங்கள் சட்டத்தரணி ஐயாவும் கேட்டார். கோக்கும் தொல்லை இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதிலும் இரண்டு தாள் ஒட்டிப் போகலாம். மேல் தாளின் ஒரு பக்கமும் கீழ்த் தாளின் ஒரு பக்கமும் படமாகி, இடையில் முகம் சேர்ந்து கிடக்கும் இரண்டு பக்கங்கள் விடுபடும். அப்போது வரிசை குலையாது, மொத்த எண்ணிக்கையும் இரட்டைப்படையாகவே இருக்கும், கோப்பைப் பார்த்தால் ஒரு சந்தேகமும் எழாது. தாள் ஒட்டியதை ஒலியலையால் உணர்ந்து நிறுத்தும் ஸ்கானர்களும் சந்தையில் இருக்கின்றன. வாங்குவதென்றால் அந்த வசதி உள்ளதையே வாங்குவோம் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் பழைய ஸ்கானரின் மூடியில் ஒட்டிவைத்த துண்டுத் தாளில், ஃபீடரில் வைக்கும் ஒவ்வொரு அடுக்கின் எண்ணிக்கையையும் பென்சிலால் எழுதுகிறோம். இன்று காலை அதில் 61 என்று எழுதியிருந்தது. நிரல் “61 60 61” என்று காட்டியது. தம்பி தாள்களை விசிறிக்கொண்டிருக்கிறார்.